பணியாளர் கோப்பில் ஐந்து முடிவு நாட்கள்: எது நாட்காட்டிக்குப் போக வேண்டும்?

நிரல்தேடி

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் பிரிட்டன் கிளையில் ஸ்பான்சர் உரிமத்தின் கீழ் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் பலர் பணிபுரிகிறார்கள். அவர்களுடைய கோப்புகள் பி.டி.எஃப். ஆகவும், ஸ்கேன் படங்களாகவும், யாரோ எப்போதோ தொடங்கிய எக்செல் தாள்களாகவும் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து அனுமதி முடியும் நாட்களையும் ஸ்பான்சராக நாங்கள் செய்ய வேண்டியவற்றையும் எடுத்து ஒரே நாட்காட்டியாக அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

முதல் கோப்பைத் திறந்ததுமே நின்றுவிட்டேன். கடவுச்சீட்டு 2031-இல் முடிகிறது. பிரிட்டனில் தங்கும் அனுமதிக்கான பி.ஆர்.பி. அட்டையில் 31/12/2024 என்று இருக்கிறது. விசா முடிவுக் கடிதம் 14 ஜூலை 2026 என்கிறது. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் 30 ஜூன் 2026-இல் முடிகிறது. பணி ஒப்பந்தமோ நாள் எதையும் சொல்லாமல் "சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்" என்று முடித்துக்கொள்கிறது. இவற்றில் எந்த நாளை நாட்காட்டியில் போடுவது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. ஸ்பான்சர் கடமைகள் பெரும்பாலும் கோப்பில் ஒரு நாளாக எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதப்படாத நாளை எங்கிருந்து எடுப்பது?

வேகவிரல்

இதை இவ்வளவு சிக்கலாக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அட்டையின் பின்புறம் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று மூன்று வரிகள் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் கொண்டு அவற்றை மட்டும் படித்தால் போதும். முடிவு நாள் அங்கே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக இருக்கும். அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கமும் வரும். இலக்கங்களை 7, 3, 1 என்ற எடைகளால் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்த மீதியை அந்தச் சரிபார்ப்பு இலக்கத்தோடு ஒப்பிட்டால், ஓ.சி.ஆர். தவறாகப் படித்ததா என்பது உடனே தெரிந்துவிடும். மனிதர் கண்ணை நம்புவதைவிட இது உறுதியானது. பிறகு அந்த நாளுக்கு 90, 60, 30 நாட்கள் முன்னதாக நினைவூட்டல் வைத்தால் வேலை முடிந்தது.

கடல்தாண்டி

மன்னிக்கவும், எனக்குப் பதற்றமாக இருக்கிறது. என் அட்டையிலும் 31/12/2024 என்றுதான் இருந்தது. என் நிறுவனம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் தொடர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது நான் அனுமதி இல்லாமல் வேலை செய்கிறேன் என்று பொருளா? உடனே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

கோப்பகம்

கடல்தாண்டி, இந்த இழை பணியாளர் கோப்புகளைத் தொகுப்பதைப் பற்றியது என்றாலும், உங்கள் கேள்விதான் நிரல்தேடியின் முதல் கேள்விக்கு நேரடியான விடையைத் தருகிறது. அந்த 31/12/2024 என்பது அட்டையின் முடிவு நாள். உங்கள் அனுமதியின் முடிவு நாளாக அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அனுமதி அதற்கு அப்பாலும் நீண்டிருந்த மிகப் பலருக்கு ஹோம் ஆபீஸ் அந்த ஒரே நாளை அச்சிட்ட அட்டைகளையே கொடுத்தது. பிறகு அட்டைகளை விட்டு, இணையத்தில் மட்டும் இருக்கும் இ-விசாவுக்கு மாறிவிட்டது. பிரிட்டனின் விசா பிரிவான யு.கே.வி.ஐ.யில் உள்ள உங்கள் கணக்கில் நுழைந்து இ-விசாவைத் திறந்து, அனுமதி எந்த நாள் வரை என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் முடிவுக் கடிதத்தோடு அது ஒத்துப்போனால் அட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒத்துப்போகாவிட்டால் நிறுவனத்திடமோ குடியேற்ற ஆலோசகரிடமோ கேளுங்கள். இங்கே யாரும் ஊகத்தில் சொல்வதை நம்பிவிடாதீர்கள்.

இனி வேகவிரல் சொன்ன முறைக்கு வருகிறேன். அவர் சொன்ன கணக்கு சரியானதுதான். நிரல்தேடியின் கோப்பில் இருக்கும் அட்டையில் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

```
2412311
```

2×7, 4×3, 1×1, 2×7, 3×3, 1×1 ஆகியவற்றைக் கூட்டினால் 51 வருகிறது. மீதி 1, அட்டையில் இருக்கும் இலக்கமும் 1. கடைசி நாளின் 1-ஐ ஓ.சி.ஆர். 7 என்று படித்திருந்தால் கூட்டுத்தொகை 57 ஆகிப் பிழை பிடிபட்டிருக்கும். ஆனால் இந்தச் சோதனை சொல்வதெல்லாம் அட்டையில் உள்ளது பிசகில்லாமல் படிக்கப்பட்டது என்பது மட்டும்தான். அந்த நாள் எதன் நாள் என்று அது சொல்வதில்லை. இந்த முறையில் எல்லாக் கோப்புகளையும் ஓட்டியிருந்தால், பாதிப் பணியாளர்களுக்கு 31 டிசம்பர் 2024 என்ற ஒரே நாள், முழுச் சரிபார்ப்போடு, பச்சை நிறத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். தொகுத்த தாளில் ஒரே முடிவு நாள் தொடர்பில்லாத பலருக்குத் திரும்பத் திரும்ப வந்தால், ஆவணத்தின் நாளை அனுமதியின் நாளாக எடுத்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்னொன்றும் இருக்கிறது. 6 ஏப்ரல் 2022 முதல் பி.ஆர்.பி. அட்டையை நேரில் பார்த்துப் பணி உரிமையைச் சரிபார்ப்பது செல்லாது. பணியாளர் தரும் ஷேர் கோடையும் பிறந்த நாளையும் கொண்டு இணையத்தில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அந்த நாளுக்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொருவர் கோப்பிலும், இணையத்தில் பார்த்ததும் வந்த பக்கத்தின் நகல், பார்த்த நாளோடு இருக்க வேண்டும். பணியாளரின் படமும் அனுமதி எந்த நாள் வரை என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அதைத்தான் முதலில் தேட வேண்டும். அது இல்லாத கோப்பு உங்களுக்கு ஒரு நாளைத் தராது. ஒரு குறையைக் காட்டும். அதை நாட்காட்டியில் ஏற்றாமல் தனிப் பட்டியலில் வையுங்கள்.

வேகவிரல்

ஒப்புக்கொள்கிறேன், அட்டையின் நாளை அனுமதியின் நாளாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் என் கருத்தின் மறுபாதி நிற்கிறது. முடிவுக் கடிதத்தையும் இணையப் பக்கத்தையும் படிக்கும்போது சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. அங்கே தவறாகப் படித்தால் அதைப் பிடிப்பது யார்? எல்லாவற்றையும் மனிதர் ஒருவர் மீண்டும் படிக்க வேண்டுமென்றால் தானாக எடுப்பதன் பயன் என்ன?

கோப்பகம்

நியாயமான கேள்வி. சரிபார்ப்பு இலக்கம் இல்லாத இடத்தில் இரண்டு ஆவணங்களுக்கு இடையே இருக்கும் உறவைப் பயன்படுத்தலாம். ஸ்கில்டு ஒர்க்கர் அனுமதி, ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் முடிவு நாளுக்குப் பின் 14 நாட்கள் வரை கொடுக்கப்படுகிறது. நிரல்தேடியின் கோப்பைப் பாருங்கள்: சான்றிதழ் 30 ஜூன் 2026, கடிதம் 14 ஜூலை 2026. இடைவெளி மிகச் சரியாக 14. இரண்டு தனித்தனி ஆவணங்களிலிருந்து தனித்தனியாகப் படித்த நாட்கள் இப்படிப் பொருந்தும்போது, இரண்டுமே சரியாகப் படிக்கப்பட்டன என்று பெருமளவு நம்பலாம். இடைவெளி 14 இல்லாத வரிசைகளை மட்டும் மனிதர் ஒருவர் பார்த்தால் போதும். அப்படி வருவதெல்லாம் பிழையாகவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பழைய சான்றிதழ் கோப்பில் தங்கியிருக்கலாம். பணியாளர் நடுவில் நீட்டிப்பு வாங்கியிருக்கலாம். எப்படியானாலும் பார்க்க வேண்டிய கோப்பு அது.

இந்தச் சோதனை இன்னொரு தொல்லையையும் பிடித்துக்கொடுக்கும். பழைய எக்செல் தாளில் 05/06/2026 என்று ஒரு முடிவு நாள் இருப்பதாக வையுங்கள். அது ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் அந்தத் தாளைச் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கினால் மே 6 ஆகிவிடும், ஓசையே இருக்காது. சான்றிதழோ 22 மே 2026-இல் முடிகிறது. சரியான நாளுக்கு இடைவெளி 14. தலைகீழான நாளுக்கு மைனஸ் 16. அனுமதி சான்றிதழுக்கு முன்பே முடிகிறதென்றால் அங்கே ஏதோ கோளாறு என்பது வெளிப்படை.

சான்றிதழ் கையில் இல்லாத பழைய தாள்களுக்கு ஒரு எளிய அறிகுறி சொல்கிறேன். நாளும் மாதமும் இடம் மாறி இறங்கிய நெடுவரிசையில், 12-க்கு மேற்பட்ட நாள் உள்ளவற்றை எக்செல் நாளாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். அவை கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவை வலது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் இப்படி இரு ஓரமும் கலந்து தெரிந்தால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எழுத்தாக நின்றுவிட்டவை குறைந்தபட்சம் கெடாமல் இருக்கின்றன.

தீவுக்கணக்கர்

நான் சிங்கப்பூரில் இதே வேலையைப் பார்க்கிறேன். பிரிட்டன் விதிகளைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் ஐந்து நாட்களில் எது என்ற கேள்வியைப் படித்ததும் எங்கள் நிலை நினைவுக்கு வந்தது. இங்கே ஒர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டுகள். ஆனால் தொழிலாளியின் கடவுச்சீட்டு, பாதுகாப்புப் பிணையம், வேலைக்காலம் ஆகியவற்றில் எது முன்னதாக முடிகிறதோ அதற்கேற்ப அது குறையும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் 5,000 வெள்ளிக்கு அந்தப் பிணையம் இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் நாட்காட்டியில் முடிவு நாளுக்குப் பக்கத்திலேயே "இந்த நாள் ஏன்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். பெர்மிட் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் முடிகிறதென்றால், கடவுச்சீட்டு காரணமா, பிணையம் காரணமா என்று அங்கே எழுதியிருக்கும். இல்லாவிட்டால் நினைவூட்டல் வரும் நாளில் பெர்மிட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்து, கடவுச்சீட்டைப் புதுப்பிக்காமல் விட்டது அப்போதுதான் தெரியவரும். கடவுச்சீட்டு தூதரகத்திலிருந்து திரும்பி வரும் வரை ஒன்றும் செய்ய முடியாது.

நிரல்தேடி

மிக்க நன்றி. தீவுக்கணக்கர் ஐயா சொன்ன "ஏன்" கட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அத்துடன், எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அது எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தது, அங்கே எழுத்துக்கு எழுத்து எப்படி இருந்தது என்பதையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். ஐந்து நாட்களையும் ஐந்து வரிசைகளாகவே விட்டுவிட்டு, நினைவூட்டலை மட்டும் இணையப் பக்கத்தின் நாளோடு கட்டலாம் என்று தோன்றுகிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. புதிதாக வரும் ஒருவருடைய கோப்பைப் பாருங்கள். சான்றிதழின்படி வேலை தொடங்கும் நாள் 1 செப்டம்பர் 2025. விசா கிடைத்த செய்தி அவருக்கு 5 செப்டம்பரில் வந்தது. அனுமதி செல்லத் தொடங்கும் நாள் 10 செப்டம்பர். குடும்பக் காரணத்தால் அவர் வருவது தள்ளிப்போனது. இதில் எந்த நாளைப் பிடித்துக் கணக்குப் போடுவது?

கோப்பகம்

நீங்கள் கொடுத்த மூன்று நாட்களும் தேவைப்படும் கணக்கு இது. அந்த மூன்றில் எது கடைசியோ அதிலிருந்து 28 நாட்கள். அதற்குள் அவர் வேலையைத் தொடங்காவிட்டால், அந்த 28 நாள் முடிந்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் ஸ்பான்சர் தளத்தில் அறிவிக்க வேண்டும். தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் இருக்கிறது என்றோ, ஸ்பான்சர் செய்வதை நிறுத்துகிறோம் என்றோ, இரண்டில் ஒன்றை அறிவிக்க வேண்டும்.

உங்கள் பணியாளருக்குக் கடைசி நாள் 10 செப்டம்பர், புதன்கிழமை. அதோடு 28 சேர்த்தால் 8 அக்டோபர், அதுவும் புதன். அங்கிருந்து சனி, ஞாயிறு நீக்கிப் பத்து வேலை நாட்கள் எண்ணினால் 22 அக்டோபரில் முடிகிறது. சான்றிதழின் நாளை மட்டும் எடுத்திருந்தால் 29 செப்டம்பர் வந்து, 13 அக்டோபருக்கு ஒரு தவறான கெடு விழுந்திருக்கும். தவறு முன்னதாக விழுவதால் ஆபத்தில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த அவசரத்தில் யாரோ ஒருவர் ஸ்பான்சரை நிறுத்துவதாக அறிவித்துவிட்டால், எந்தத் தவறும் செய்யாத பணியாளர் விசாவை இழக்க நேரும்.

எக்செல்லில் இதை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. MAX என்பது வெற்றுக் கலத்தையும் எழுத்தாக நிற்கும் நாளையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அனுமதி தொடங்கும் நாள் எடுக்கப்படாமல் விடுபட்டிருந்தால், அது சத்தமில்லாமல் 5 செப்டம்பரைக் கடைசி நாளாக எடுத்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஒழுங்கான ஒரு கெடுவைத் தரும். ஆகவே மூன்று நாட்களையும் D, E, F நெடுவரிசைகளில் வைத்து, மூன்றும் இருந்தால் மட்டும் கணக்குப் போடச் சொல்லுங்கள்:

```
G2: =IF(COUNT(D2:F2)=3, MAX(D2:F2)+28, "நாள் குறைகிறது")
H2: =IF(ISNUMBER(G2), WORKDAY.INTL(G2,10,1,Holidays!$A$2:$A$60), "")
```

COUNT எண்ணாக மாறிய நாட்களை மட்டுமே எண்ணும் என்பதால், முன்பு சொன்ன இடது ஓரத்து நாட்களும் இங்கே பிடிபட்டுவிடும்.

வேகவிரல்

சூத்திரத்தில் விடுமுறைப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் பொது விடுமுறைகள் ஒன்றல்ல. 19 டிசம்பர் 2025-இல் ஒரு நிகழ்வு நடந்ததாக எண்ணிப் பார்த்தேன். இங்கிலாந்துப் பட்டியலில் பத்தாவது வேலை நாள் 7 ஜனவரி வருகிறது. ஸ்காட்லாந்தில் ஜனவரி 2-ம் விடுமுறை என்பதால் 8 ஜனவரி வருகிறது. ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பட்டியல் வைக்க வேண்டுமா?

கோப்பகம்

நான் வைப்பதில்லை. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக உள்ள விடுமுறைகளை மட்டும் ஒரே பட்டியலாக எல்லோருக்கும் பயன்படுத்துகிறேன். கெடு சில வேளை ஒரு நாள் முன்னதாக விழும், அவ்வளவுதான். முன்னர் சொன்ன 28 நாள் போலக் கணக்கின் தொடக்கமே மாறும் விஷயம் இல்லை இது. அறிவிப்பை ஒரு நாள் முன்னதாக அனுப்புவதால் யாருக்கும் தீங்கில்லை.

செம்மை

சற்றுத் தாமதமாக வருகிறேன். கணக்கெல்லாம் சரிதான், ஆனால் இதுவரை பேசியவை அனைத்தும் கோப்பில் ஏதோ ஒரு நாள் எழுதப்பட்டிருக்கும் கடமைகள். தணிக்கையில் நிறுவனங்கள் சிக்குவது பெரும்பாலும் அங்கே அல்ல என்பது என் அனுபவம். விடுப்புப் பதிவேட்டில் இருந்து எழும் கடமைகள்தான் நழுவுகின்றன.

இரண்டைச் சொல்கிறேன். ஸ்பான்சர் செய்யப்பட்ட ஒருவர் அனுமதி பெறாமல் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால், பத்தாவது நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இதை எப்படியோ எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஆள் வராதது கண்ணுக்குத் தெரிகிறது. மற்றது அப்படியல்ல. ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் ஒருவர் சம்பளமில்லா விடுப்பில் இருந்தால், விதிவிலக்கான காரணம் இல்லாத நிலையில் அவரை ஸ்பான்சர் செய்வதை நிறுத்த வேண்டும். நோய், மகப்பேறு போன்றவை விதிவிலக்கில் வருகின்றன. பிப்ரவரியில் ஊருக்குப் போக ஒரு வாரம், ஜூனில் இரண்டு வாரம், நவம்பரில் திருமணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் என்று மேலாளர் நல்ல மனத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு விண்ணப்பமும் தனியாகப் பார்த்தால் சாதாரணமானது. கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

ஆகவே நிரல்தேடி, இந்தக் கடமைக்கு நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துப் பயனில்லை. விடுப்புப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு சம்பள மாதமும் ஒரு கூட்டுத்தொகை வர வேண்டும். அது மூன்று வாரத்தைத் தொடும்போது, அடுத்த விடுப்பு விண்ணப்பம் மேலாளரைத் தாண்டி உங்களிடம் வர வேண்டும். விடுப்பு எடுத்து முடித்த பிறகு வரும் நினைவூட்டல் எதற்கும் உதவாது.

வேகவிரல்

எங்கள் குழுவில் இதைக் கடந்த பன்னிரண்டு மாதங்களின் நகரும் கூட்டுத்தொகையாக வைத்திருக்கிறோம். அதுதானே கடுமையான கணக்கு?

செம்மை

கடுமையானதாக இருக்கலாம், ஆனால் விதி அதுவல்ல. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்பதுதான் கணக்கு. ஜனவரியில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நகரும் கணக்கு எச்சரிக்கைக்குப் பயன்படலாம். ஆனால் அதை வைத்து ஒருவருக்கு விடுப்பை மறுத்தாலோ, தேவையில்லாத அறிவிப்பு அனுப்பினாலோ விளக்கம் சொல்வது கடினம். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். எது விதி, எது உங்கள் எச்சரிக்கை என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஆவண நகல்களைப் பற்றியும் ஒரு சொல். பணி உரிமைச் சரிபார்ப்பின் நகலை வேலை நீடிக்கும் வரையும், அதன் பின் இரண்டு ஆண்டுகளும் வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டும். ஸ்பான்சர் ஆவணங்களுக்கு வேறு காலக்கணக்கு. நீங்கள் எடுத்துச் சேர்த்த ஸ்கேன் படங்களும் நாட்களும் இன்னொரு இடத்தில் சேமிக்கப்பட்ட நகல்கள்தாம் என்பதை மறக்க வேண்டாம். மூலக் கோப்பை அழித்துவிட்டு, பிரித்தெடுத்த கோப்புறையில் கடவுச்சீட்டுப் படத்தை விட்டுவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழிக்கும் நாளும் நாட்காட்டியில் ஒரு வரிசைதான்.

நிரல்தேடி

இதை வைத்து அமைப்பை மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆவணத்திலிருந்து எடுத்த நாட்கள், மற்றதில் நிகழ்வுகள். நிகழ்வுத் தாளில் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எங்கிருந்து தெரிந்தது, கெடு எது, எப்போது அறிவித்தோம், அறிவித்ததற்கான சான்று எங்கே இருக்கிறது என்ற கட்டங்கள் உள்ளன.

அனுமதி முடியும் நாளைக் குறித்து ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. முதல் கோப்பின் பணியாளர் 14 ஜூலை 2026-க்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, அந்த நாளில் முடிவு வராமல் இருந்தால், நாட்காட்டியில் அந்த வரிசையை என்ன செய்வது? மூடிவிடுவதா, சிவப்பாகவே விடுவதா?

கோப்பகம்

இரண்டுமே தவறு. காலாவதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை அவருடைய அனுமதி பழைய நிபந்தனைகளோடு தொடர்கிறது. ஆனால் நீங்கள் அதைச் சரிபார்த்ததற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும். அதற்கு ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸிடம் கேட்டு, நேர்மறைச் சரிபார்ப்பு அறிவிப்பைப் பெற வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்திருக்கிறார் என்று நீங்கள் நியாயமாக நம்பும் நிலையில், அந்த அறிவிப்பைப் பெறுவதற்குக் காலாவதிக்குப் பின் 28 நாட்கள் வரை இடம் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது 11 ஆகஸ்ட் 2026. அறிவிப்பு கிடைத்தால் அது ஆறு மாதங்களுக்குச் செல்லும்.

எனவே 14 ஜூலை வரிசை மூடப்படாது. அதன் நிலை "விண்ணப்பம் நிலுவையில்" என்று மாறி, 11 ஆகஸ்ட் என்ற புதிய கெடுவைப் பெற வேண்டும். அறிவிப்பு வந்ததும் அதில் உள்ள நாளிலிருந்து ஆறு மாதம் அடுத்த கெடுவாகும். நான் பார்த்த நாட்காட்டிகளில் பெரும்பாலானவை இங்கேதான் உடைகின்றன. யாரோ ஒருவர் "விண்ணப்பித்தாகிவிட்டது" என்று டிக் அடிப்பார், நினைவூட்டல் நின்றுவிடும், ஆறு மாதம் கழிந்தது யாருக்கும் தெரியாது. 13 பிப்ரவரி 2024 முதல் அனுமதியற்ற பணியாளர் ஒருவருக்கான அபராதம் முதல் மீறலுக்கே 45,000 பவுண்டு வரை போகும் என்பதால், டிக் அடிக்கும் உரிமையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. சான்றாகக் கோப்பு இணைக்கப்பட்டால் மட்டுமே வரிசையின் நிலை மாறும்.

நிரல்தேடி

புரிந்தது. கடைசியாக ஒன்று. சான்றிதழில் எழுதிய அளவுக்குக் கீழே சம்பளம் குறைந்தால் 10 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எங்கள் சம்பளப் பிரிவு சில மாற்றங்களை முன்தேதியிட்டுப் பதிகிறது. மார்ச் 1 முதல் வேலை நேரமும் சம்பளமும் குறைந்ததாக மார்ச் 25-இல் பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்வு நாள் எது?

செம்மை

மார்ச் 1 தான். மாற்றம் நடந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்ல. உங்களுக்கு மார்ச் 25 வரை தெரியவில்லை என்பதே தணிக்கையாளர் குறையாகப் பார்க்கும் விஷயம்.

கோப்பகம்

அதை மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் மேலாளர் முடிவெடுத்தது மார்ச் 20 என்றும், அதை மார்ச் 1-க்கு முன்தேதியிட்டார் என்றும் இருந்தால், மார்ச் 1 அன்று நடந்தது என்ன என்பதே கேள்விக்குரியது. நான் மூன்று நாட்களையும் பதிவு செய்து, கெடுவை மார்ச் 1-இலிருந்து கணக்கிட்டு, அது கடந்துபோயிருந்தால் தாமதத்துக்கான காரணத்தோடு அன்றே அறிவிப்பேன்.

செம்மை

அறிவிப்பில் எந்த நாளை நிகழ்வு நாளாக எழுதுவீர்கள் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம் என்று நினைக்கிறேன். முடிவெடுத்த நாளை எழுதினால், சம்பளச் சீட்டு மார்ச் 1 என்று காட்டும்போது இரண்டும் முரண்படும்.

கோப்பகம்

சம்பளச் சீட்டின் நாளை எழுதிவிட்டு, முடிவெடுத்த நாளைக் குறிப்பில் சேர்ப்பேன். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல, குறிப்பிட்ட கோப்பைப் பார்த்த குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர்தான் தேவை.

நிரல்தேடி

அப்படியே செய்கிறேன். சம்பளப் பிரிவிடம் பேசினேன். ஸ்பான்சர் செய்யப்பட்டவர்களின் பெயரில் முன்தேதியிட்ட மாற்றம் எதுவும் என் ஒப்புதல் இல்லாமல் பதிவாகாதபடி தடுக்க முடியுமா என்று அவர்கள் பார்க்கிறார்கள். மென்பொருளில் அதற்கு வழி இல்லையென்றால், ஒவ்வொரு மாதமும் சம்பளக் கணக்கை மூடுவதற்கு முன் அந்தப் பெயர்களின் பட்டியலை எனக்கு அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.